10 சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு டேங்க் தண்ணீரில் சொட்டுநீர்: டிரிப்பர் இடைவெளியும் அழுத்த இழப்பும்

கேள்வி: 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஏறத்தாழ 10 சென்ட். செம்மண். தக்காளியும் கத்தரியும் வைக்கப் போறேன். தோட்டத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயர ஸ்டாண்டில் 1000 லிட்டர் டேங்க் இருக்கு. போர் தண்ணி அதில் ஏறும். டிரிப்பர் எவ்வளவு இடைவெளியில் வரணும்? இந்த உயரத்துக்குக் கடைசிச் செடி வரைக்கும் ஒரே அளவு தண்ணி போகுமா, இல்ல மோட்டாரிலிருந்து நேரா கொடுக்கணுமா?

பதில்:

போகும். 3 மீட்டர் உயரம் இந்த நிலத்துக்குப் போதும். ஆனால் டேங்க் அழுத்தத்தில் தண்ணீர் குறைவது பெரும்பாலும் நாம் சந்தேகப்படுகிற இடத்தில் இல்லை. செடியோரம் ஓடும் 16 மி.மீ. லேட்டரல்தான் இழுக்கிறது என்று நினைப்போம். உண்மையில் சாப்பிடுவது வடிகட்டி, டேங்கிலிருந்து வரும் மெல்லிய குழாய், நிலத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும்தான். அது ஏன் என்பது கணக்கில் தெரிந்துவிடும்.

முதலில் இடைவெளி. இதைக் கடைக்காரரிடமோ அட்டவணையிலோ கேட்பதைவிட உங்கள் மண்ணிடம் கேட்பது நல்லது. ஒரு டிரிப்பரை டேங்கிலிருந்து வரும் டியூபில் மாட்டி, நடப்போகும் இடத்தில் 2 மணி நேரம் சொட்ட விடுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, சொட்டிய புள்ளி வழியாக நேராக ஒரு குழி வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே தெரியும் ஈர வட்டத்தை நம்ப வேண்டாம். 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஈரம் எவ்வளவு அகலம் என்று அளக்க வேண்டும். அந்த அகலத்தில் 80 சதவீதம்தான் டிரிப்பருக்கு டிரிப்பர் அதிகபட்ச இடைவெளி. அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து ஈர உருண்டைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, இடையில் காய்ந்த திட்டு இல்லாமல் நீண்ட பட்டையாகும்.

இந்தச் சோதனையை டேங்க் அழுத்தத்திலேயே செய்ய வேண்டும். ஒரே மண்ணில் வேகமாகச் சொட்டினால் ஈரம் அகலமாகப் பரவும், மெதுவாகச் சொட்டினால் குறுகலாகக் கீழே இறங்கும். மோட்டார் அழுத்தத்தில் பார்த்த அகலம் டேங்குக்குப் பொருந்தாது. மணல் கலந்த செம்மண்ணில் 35, 40 செ.மீ. மட்டுமே கிடைக்கலாம். களி கூடினால் 60ஐத் தாண்டும். நடுத்தரச் செம்மண்ணில் 50 செ.மீ. கிடைத்தது என்று வைத்து மேலே போகிறேன். அதில் 80 சதவீதம் 40 செ.மீ. இந்த இடைவெளியில் இன்லைன் டிரிப்பர் உள்ளேயே பொருத்திய லேட்டரல் சுருளாகவே கடையில் கிடைக்கும்.

செடி இடைவெளி 60 செ.மீ. ஆயிற்றே, டிரிப்பரும் 60இல் இருக்க வேண்டாமா என்று தோன்றும். வேண்டாம். ஈரம் பட்டையாகச் சேர்ந்துவிட்டால் எந்தச் செடி எந்தச் சொட்டுக்கு நேராக நிற்கிறது என்பது பொருட்டில்லை. கவனிக்க வேண்டியது குறுக்கே உள்ள அகலம். இரட்டை வரிசைக்கு நடுவில் ஒரு லேட்டரல் போடுகிறீர்கள். வரிசைகள் 60 செ.மீ. தள்ளி இருந்தால் செடி லேட்டரலிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் நிற்கும். ஈரமோ நடுவிலிருந்து 25 செ.மீ. வரைதான். வளர்ந்த செடியின் வேர் உள்ளே தேடி வந்துவிடும், நட்டு ஒரு வாரமான நாற்றுக்கு அந்த வேர் கிடையாது. ஒரு வரிசை முழுக்க நாற்று வாடி, நடுவில் மண் சொதசொதவென்று இருந்தால் காரணம் இதுதான். ஆகவே 50 செ.மீ. ஈர அகலத்துக்கு இரண்டு வரிசைக்கும் இடையே 45 செ.மீ. வையுங்கள். லேட்டரலுக்கு லேட்டரல் 1.5 மீட்டர். மீதி நடைபாதை, 1 மீட்டருக்குச் சற்று மேல். சோதனையில் 40க்கும் குறைவாக வந்தால் ஒரு பாத்திக்கு இரண்டு லேட்டரல் போட வேண்டியதுதான்.

20 மீட்டர் அகலத்தில் 1.5 மீட்டருக்கு ஒன்று என்றால் 13 லேட்டரல். ஒவ்வொன்றும் 20 மீட்டர். 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், ஆக ஒரு லேட்டரலில் 50. மொத்தம் 650. செடிகளை இரண்டு வரிசையிலும் மாற்றி மாற்றி 60 செ.மீ.யில் நட்டால் 850 வரை வரும்.

அடுத்து, டிரிப்பர் எத்தனை லிட்டர் என்பது. கடையில் 2 லிட்டர், 4 லிட்டர் என்று சொல்வது 1 கிலோ அழுத்தத்தில், அதாவது 10 மீட்டர் நீர் உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு வரும் அளவு. உங்களிடம் அது இல்லை. சாதாரண டிரிப்பரில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும்:

```
q = q10 × √(H ÷ 10)
```

q10 என்பது கடையில் சொன்ன லிட்டர், H உங்கள் அழுத்தம் மீட்டரில். உங்கள் 3 மீட்டரில் வழியில் இழப்பது போக டிரிப்பருக்கு 2.6 மீட்டர் வந்து சேருகிறது என்றால் 4 லிட்டர் டிரிப்பர் 2 லிட்டர் தரும், 2 லிட்டர் டிரிப்பர் 1 லிட்டர் தரும். உங்களுக்கு 4 லிட்டர் வகைதான் சரி. ஓட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அதன் உள்வழி சற்று அகலம், குறைந்த அழுத்தத்தில் தூசி தங்கினாலும் லேசில் அடைக்காது. அழுத்தம் சரிசெய்யும் டிரிப்பர் என்று விலை கூடுதலாக ஒன்று காட்டுவார்கள். அதை வாங்க வேண்டாம். அதற்குள் இருக்கும் ரப்பர் தகடு வேலை செய்யவே பொதுவாக 5 மீட்டருக்கு மேல் அழுத்தம் வேண்டும். டேங்குக்கு அது வீண்.

வர்க்கமூலத்தில் நமக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் தண்ணீர் 10 சதவீதம்தான் குறையும். ஒரு வால்வுக்குக் கீழ் உள்ள முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் தண்ணீரில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்பதுதான் வடிவமைப்பில் வைத்துக்கொள்ளும் எல்லை. 2.6 மீட்டரில் 20 சதவீதம் 52 செ.மீ. இந்த 52 செ.மீ.க்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

இப்போது உராய்வு. பிளாஸ்டிக் குழாய்க்குக் கீழ்க்கண்ட சூத்திரம் போதும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்குக் கணக்குப் போடலாம்.

```
hf = 0.472 × L × Q^1.75 ÷ D^4.75 × F
```

L குழாய் நீளம் மீட்டரில், Q குழாய்க்குள் நுழையும் ஓட்டம் மணிக்கு லிட்டரில், D உள்விட்டம் மி.மீ.யில், விடை மீட்டரில். F வழியெல்லாம் தண்ணீர் வெளியேறுவதற்கான குறைப்பு. போகப் போகக் குழாயில் ஓட்டம் குறைந்துகொண்டே வருவதால் முழு இழப்பு வராது. நிறைய வாய்கள் உள்ள லேட்டரலுக்கு F 0.37, லேட்டரல்கள் பிரியும், ஏழு வாய் உள்ள சப்மெயினுக்கு 0.44, நடுவில் எங்கும் வெளியேறாத மெயின் குழாய்க்கு 1.

D இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 16 மி.மீ. என்பது வெளிவிட்டம். உள்ளே 13.8 மி.மீ. அளவில்தான் இருக்கும், சுவர் தடிமனைப் பொறுத்து மாறும். வெட்டிய முனையை அளந்துகொள்ளுங்கள். விட்டம் 4.75 அடுக்கில் நிற்பதால் 1 மி.மீ. பிசகினாலும் விடை மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும்.

உங்கள் லேட்டரலைப் போட்டுப் பார்ப்போம். 50 டிரிப்பர், ஒவ்வொன்றும் 2 லிட்டர், ஆக Q = 100. 100ஐ 1.75 அடுக்குக்கு உயர்த்தினால் 3162. 13.8இன் 4.75 அடுக்கு சுமார் 2,60,000.

```
hf = 0.472 × 20 × 3162 ÷ 260000 × 0.37 = 0.042
```

4 செ.மீ. உள்ளே டிரிப்பர் துருத்திக்கொண்டு இருப்பதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 5 செ.மீ. கிடைத்த 52இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலை குறைவு என்று 12 மி.மீ. லேட்டரல் எடுத்தால், உள்விட்டம் 10 மி.மீ. என்று கொண்டு, இதே கணக்கு 24 செ.மீ. காட்டும். ஏறத்தாழப் பாதி ஒதுக்கீடு அதிலேயே போய்விடும்.

நீளத்திலும் ஒரு விஷயம் உண்டு. லேட்டரலை இரண்டு மடங்கு நீட்டினால் நீளமும் இரட்டிக்கிறது, டிரிப்பர் எண்ணிக்கை கூடுவதால் ஓட்டமும் இரட்டிக்கிறது. இழப்பு 6.7 மடங்காகும். பிற்காலத்தில் தோட்டத்தை 40 மீட்டர் நீளத்துக்கு விரிக்க நினைத்தால் லேட்டரலோடு இன்னொரு 20 மீட்டரை ஒட்டாதீர்கள். சப்மெயினை நடுவில் கொண்டுபோய் இருபக்கமும் 20 மீட்டராகப் பிரியுங்கள்.

மற்ற குழாய்கள். 13 லேட்டரலையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 1300 லிட்டர் வேண்டும். இரண்டு வால்வாகப் பிரித்தால், ஒன்றில் 7, இன்னொன்றில் 6, அதிகபட்சம் 700 லிட்டர்தான். டேங்கிலிருந்து வரும் மெயினைத் தோட்டத்தின் மேல் ஓரத்து நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, டீ போட்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்றாக வால்வு வையுங்கள். 32 மி.மீ. பி.வி.சி. குழாய், உள்விட்டம் 28 என்று கொண்டால், 15 மீட்டர் மெயினில் 700 லிட்டருக்கு இழப்பு 9 செ.மீ. ஏழு லேட்டரலுக்கான 9 மீட்டர் சப்மெயினில் இரண்டரை செ.மீ. அதே 15 மீட்டருக்கு வீட்டில் கிடக்கும் முக்கால் அங்குல ஓஸைப் போட்டால் 57 செ.மீ. இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்தால் அந்த ஓஸுக்கு மட்டும் 1.7 மீட்டர் தேவை. இருப்பதே 3 மீட்டர். பிறகு எங்கே சொட்டும்? டேங்க் அடியில் உள்ள வெளிவாயும் முக்கால் அங்குலமாக இருந்தால் ஒன்றேகாலாக மாற்றிவிடுங்கள். அதை அடிமட்டத்திலிருந்து 5 செ.மீ. மேலே வைத்தால் வண்டல் குழாய்க்குள் வராது.

வடிகட்டிக்குச் சுத்தமாக இருக்கும்போது 25 செ.மீ., வளைவு, வால்வுகளுக்கு 6 செ.மீ. ஒதுக்குகிறேன். மோட்டார் அமைப்பில் வடிகட்டிக்கு மட்டும் 2 மீட்டர் ஒதுக்குவது வழக்கம். அங்கே அது யாருக்கும் தெரியாது, இங்கே அதுவே மூன்றில் இரண்டு பங்கு. அதனால் குழாய் 32 ஆக இருந்தாலும் வலை வடிகட்டியை ஒன்றரை அங்குலமாக வாங்குங்கள். பரப்பு கூடினால் இழப்பும் குறையும், அழுக்கு சேரவும் நாள் எடுக்கும். வெஞ்சுரி வைக்கவே வேண்டாம். உரக் கரைசலை உறிஞ்ச அதன் இரு முனைக்கும் நடுவே இருக்க வேண்டிய அழுத்த வேறுபாடு உங்கள் மொத்த அழுத்தத்தை விட அதிகம். நீரில் முழுதும் கரையும் உரத்தை டேங்கிலேயே கலக்கிவிடலாம், டேங்க் வைத்திருப்பதில் உள்ள வசதியே அது.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால்: 300 செ.மீ.யில் மெயின் 9, வளைவு வால்வு 6, வடிகட்டி 25 போக, சப்மெயின் தொடக்கத்தில் 260. கடைசி லேட்டரல் வாயில் 258க்குக் கொஞ்சம் குறைவு. அதன் கடைசி டிரிப்பரில் 253. முதலுக்கும் கடைக்கும் 7 செ.மீ. வேறுபாடு, தண்ணீரில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

டேங்க் நிறைந்திருக்கும்போது 4 மீட்டர், காலியாகும்போது 3 மீட்டர் ஆயிற்றே என்ற கேள்வி வரும். அதனால் ஓட்டம் 15 சதவீதம் வரை மாறும், உண்மைதான். ஆனால் எல்லாச் செடிக்கும் ஒன்றாகவே மாறுவதால் சீர்மை கெடாது. ஓடும் நேரம்தான் சற்றுக் கூடும் குறையும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன நிலமட்டம். அழுத்தம் குறைந்தால் டிரிப்பர் ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்தால் உராய்வும் அதே விகிதத்துக்குப் பக்கமாகக் குறைந்துவிடுகிறது. 10 மீட்டர் அழுத்தத்தில் இதே லேட்டரலில் இழப்பு 17 செ.மீ., சதவீதத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் லேட்டரல் டேங்குக்கும் தாங்குகிறது. நிலத்தின் சரிவு அப்படிக் குறையாது. 20 மீட்டரில் 20 செ.மீ. ஏற்றம், கண்ணுக்குத் தெரியாத 1 சதவீதச் சரிவு, 10 மீட்டர் அழுத்தத்தில் 2 சதவீதம்தான். உங்கள் 2.6 மீட்டரில் 8 சதவீதம். உராய்வையும் சேர்த்தால் மேட்டில் உள்ள முனைக்கு 5 சதவீதம் தண்ணீர் குறையும். ஏற்றம் 40 செ.மீ. ஆனால் 52இல் 47 போய்விட்டது, எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

ஆகவே குழாய் வாங்கும் முன் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து நான்கு மூலையையும் நடுவையும் அளந்துவிடுங்கள். சப்மெயின் மேட்டு ஓரத்தில், லேட்டரல் இறக்கத்தில் அல்லது மட்டமாக, இதுதான் விதி. டேங்க் ஸ்டாண்ட் நிற்கும் இடம் தோட்டத்தை விடத் தாழ்வாக இருந்தால் அந்த வேறுபாட்டை 3 மீட்டரிலிருந்து கழிக்க வேண்டும். மெயின் குழாய் வழியில் எங்கும் மேலேறி இறங்கும் முட்டு இருக்கக் கூடாது. அங்கே காற்று தங்கி அடைத்துக்கொள்ளும். மோட்டார் அதைத் தள்ளிவிடும், 3 மீட்டர் தண்ணீர் தள்ளாது. டேங்க் நிறைய நீர் இருந்தும் லேட்டரலில் ஒரு சொட்டும் வராததற்கு இது முக்கியக் காரணம்.

ஓடும் நேரம்: சித்திரை வெயிலில் புல்தரையிலிருந்து ஒரு நாளைக்கு ஆவியாகும் நீர் 6 மி.மீ. என்று கொண்டால், நிறைந்த தக்காளிக்கு 7 மி.மீ. வரை தேவை. இலைப்பரப்பு நிலத்தில் 80 சதவீதம் மூடியிருக்கும் என்று எடுத்தால் 5.5 மி.மீ. 1 சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்பது 1 லிட்டர், ஆக 400 சதுர மீட்டருக்கு 2200 லிட்டர். வீணாவதையும் சேர்த்து 2450. ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். அதற்கு டேங்க் இரண்டரை முறை நிறைய வேண்டும், எனவே ஓடும்போதே போர் தண்ணீர் ஏறும்படி வையுங்கள். நட்ட முதல் சில வாரங்களுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

வாங்க வேண்டியவை: லேட்டரல் 280 மீட்டர், 32 மி.மீ. குழாய் 6 மீட்டர் நீளத்தில் 6, பந்து வால்வு 2, லேட்டரலைச் சப்மெயினில் பொருத்தும் டேக் ஆஃப்பும் கிராமெட்டும் 13 ஜோடி, முனை மூடி 13, சப்மெயின் முனைகளுக்குக் கழுவும் வால்வு 2, வடிகட்டி 1. கிராமெட் ஓட்டையைக் கிராமெட்டுக்குச் சொன்ன அளவு பிட்டாலேயே போடுங்கள், ஓரப் பிசிறைச் சுரண்டிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஒழுகும் கிராமெட்டுகளில் பாதி பிசிறால்தான். லேட்டரல் மாட்டும் முன் சப்மெயினையும், மூடி போடும் முன் லேட்டரலையும் தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓட விட வேண்டும். சொட்டும் துளை மேல்பார்த்து இருக்கட்டும். கீழ்பார்த்தால் வண்டல் நேரே அதில் இறங்கும்.

மோட்டாரிலிருந்து நேராகக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் 1 கிலோ அழுத்தத்தில் மொத்தத் தேவையே மணிக்கு 2600 லிட்டர்தான். போர் மோட்டார் அதைவிட அதிகம் தந்தால் மீதி அழுத்தமாக ஏறி டேக் ஆஃப்பைப் பிடுங்கி எறியும். மிச்சத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் அழுத்தமானியும் இல்லாமல் இணைக்காதீர்கள். 10 சென்ட்டுக்கு டேங்கே எளிது.

போட்டு முடித்ததும் அளந்து பார்க்க வேண்டும். சாதாரண அழுத்தமானியில் 0.26 கிலோ முள் அசைவதுகூடத் தெரியாது. அதற்குப் பதில் லேட்டரல் முனை மூடியைக் கழற்றி, ஒரு தெளிவான டியூபைப் பொருத்தி, மூங்கில் கழியில் நிமிர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அங்குள்ள அழுத்தம். டேங்க் காலியாகும் நேரத்தில் இரண்டரை மீட்டருக்குப் பக்கமாக நிற்க வேண்டும். முதல் லேட்டரலிலும் கடைசி லேட்டரலிலும் பாருங்கள்.

பிறகு ஒரே மாதிரி டப்பாக்களை முதல், நடு, கடைசி லேட்டரல்களின் தொடக்கத்திலும் நடுவிலும் முனையிலும் டிரிப்பருக்குக் கீழ் குழி தோண்டி வைத்து 15 நிமிடம் சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் அளவு வர வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் வடிகட்டியோ மெயினோ டேங்க் வாயோ தடுக்கிறது. முனைகளில் மட்டும் படிப்படியாகக் குறைந்தால் மண் ஏற்றம், அல்லது குழாய் மடிந்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அது அழுத்தப் பிரச்சினையே இல்லை, டிரிப்பர் அடைப்பு. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள இடங்களில் துளையைச் சுற்றி வெள்ளைப் பொருக்குத் தெரியும். வாரம் ஒரு முறை முனை மூடியைத் திறந்து கழுவி, வடிகட்டி வலையையும் அதே நாளில் கழுவினால் வண்டல் அடைப்பு வராது. சுண்ணாம்புப் பொருக்கு கழுவினால் போகாது, அதற்கு அமிலம் செலுத்த வேண்டும் அல்லது அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஜாயினர் போட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.